‘மாற்றம் இல்லை’ என்ற ஒற்றை வரி போதாது

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் பூர்வீக வீட்டைப் பழுது பார்க்கும் பலர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். இங்கே வேலையைக் கவனிப்பவர் வாராவாரம் வாட்ஸப்பில் ஒரு குறிப்பு அனுப்புவார். வேலை நகராத வாரத்தில் அது பெரும்பாலும் “சுவர் காயவில்லை, மாற்றம் இல்லை” என்பதோடு முடிந்துவிடும். அவர் போய்ப் பார்த்தாரா, பார்க்காமலே எழுதினாரா என்பதுகூட இதில் தெரியாது.

வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் ஓடு ஒழுகிச் சுவர் நனைந்தது என்று வைத்துக்கொள்வோம். ஓடு மாற்றியாயிற்று. ஈரத்தின் மேல் சுண்ணாம்பு பூசினால் உப்பு பூத்து, பூச்சு உரிந்து வரும். அதனால் காத்திருப்பது சரிதான். ஆனால் ஈரக்கறையின் விளிம்பில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதி வைத்தால், கறை நகராததே ஒரு செய்தியாகிவிடும். நல்ல மழைக்குப் பிறகும் கோட்டைத் தாண்டவில்லை என்றால், ஓட்டு வேலை தாங்குகிறது என்று பெரும்பாலும் நம்பலாம். வாரக்கணக்கில் வெயில் அடித்தும் கறை சுருங்கவே இல்லை என்றால், தண்ணீர் வேறு எங்கிருந்தோ, ஒருவேளை தரையிலிருந்து, ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். தடித்த சுவர் மெதுவாகத்தான் காயும். ஒரு வாரத்தை வைத்து முடிவு கட்டக் கூடாது.

இப்படி எழுதலாம்:

“ஆச்சிக்கு வணக்கம். இன்று காலை பார்த்தேன். மூன்று வாரமாகக் கறை அதே கோட்டில் நிற்கிறது. சனிக்கிழமை ராத்திரி நல்ல மழை; ஆனாலும் கோட்டைத் தாண்டவில்லை, ஓட்டுக்கு அடியில் சட்டமும் உலர்ந்தே இருக்கிறது. ஒழுகல் நின்றுவிட்டது என்று நினைக்கிறேன். பூச்சு மேஸ்திரியை அடுத்த மாதம் 10-ம் தேதி வரை வேறு வேலைக்குப் போகச் சொல்லிவிட்டேன். அதற்குள் கறை சுருங்காவிட்டால் சுவரோரம் நாலைந்து ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு முன் உங்களிடம் கேட்பேன். இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை.”

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்தத் தேதி. எதுவரை காத்திருப்போம், அப்புறம் என்ன செய்வோம் என்று சொல்லாத குறிப்பு, படிப்பவரைக் கவலையில் விட்டுவிடும். ‘மூன்று வாரமாக’ என்பதையும் விடக் கூடாது. தனித்தனியாக வரும் மூன்று ‘மாற்றம் இல்லை’யைக் கூட்டிப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

குறிப்பு சின்னதாக இருக்கிறதே என்று முற்றம் கூட்டியதையும் தூண் துடைத்ததையும் சேர்ப்பவர்கள் உண்டு. வேண்டாம். போன வாரக் குறிப்பையே நகலெடுத்து அனுப்புவது அதைவிட மோசம். ஒரே வாசகம் நாலு முறை வந்தால் படிப்பவர் அதைத் திறப்பதையே நிறுத்திவிடுவார்; கறை உண்மையிலேயே பரவிய வாரமும் அவர் கண்ணில் படாமல் போகும்.

படம் சேர்த்தால் பென்சில் கோடும் தேதியும் தெரிய வேண்டும். ஒவ்வொரு வாரமும் ஒரே இடத்தில் நின்று, ஏறக்குறைய அதே நேரத்தில் எடுங்கள். வெளிச்சம் மாறினால் காய்ந்த சுவரும் ஈரமாகத் தெரியும்.