டிராயரில் கட்டியாகும் சோப்புத்தூள்: சுத்தம் செய்யும்போது பலரும் செய்யும் தவறுகள்

மேடவாக்கத்தில் என் சித்தி வீடு, மூன்றாவது மாடி, அதற்கு மேலே மொட்டை மாடிதான். அங்கே ஒரு ஃப்ரண்ட் லோடு மெஷின். ஒவ்வொரு முறை துவைத்து முடித்ததும் டிராயரைத் திறந்தால் போட்ட தூளில் பாதி ஈரமாக அப்படியே கிடக்கும், இரண்டு நாளில் அது சுண்ணாம்புக் கல் மாதிரி இறுகிவிடும். "இந்தத் தூளே சரியில்லை" என்று சித்தி மூன்று பிராண்டு மாற்றிப் பார்த்துவிட்டார். பிறகு ஒருநாள் பொறுமை போய், அடுப்பில் கொதித்த தண்ணீரை டிராயரில் ஊற்றி ஊறவைத்தார். கட்டி கரைந்தது உண்மைதான். ஆனால் டிராயரின் ஓரம் லேசாக வளைந்துவிட்டது, அதன்பின் உள்ளே தள்ளும்போது ஒரு பக்கம் இடிக்கும், தண்ணீரும் முன்பக்கமாகக் கசியும். கடைசியில் புது டிராயர் வாங்க வேண்டியதாயிற்று, வாங்கிய பிறகும் தூள் தேங்குவது நிற்கவில்லை.

கொதிநீரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கட்டி தளர இளஞ்சூடு போதும், கையை விட்டால் சுடாமல் தாங்கக்கூடிய சூடு. சோப்புத்தூளில் கணிசமான பங்கு சலவை சோடா. அது கொஞ்சமாக ஈரம் பட்டால் அந்த ஈரத்தை இழுத்துக்கொண்டு இறுகும், நிறையத் தண்ணீரில் போட்டால் கரையும். அதனால் டிராயரை மெஷினிலேயே வைத்துக்கொண்டு கரண்டிக் காம்பாலோ ஸ்க்ரூ டிரைவராலோ சுரண்டுவதில் பயனில்லை. பிளாஸ்டிக்கில் கீறல் விழும், அடுத்த முறை தூள் அந்தக் கீறலில்தான் முதலில் ஒட்டும். டிராயரை முழுதாக வெளியே எடுங்கள். கடைசி வரை இழுத்தால் ஒரு இடத்தில் நிற்கும். பெரும்பாலான மெஷின்களில் நடுவிலோ சாஃப்ட்னர் ஊற்றும் அறையிலோ அழுத்துவதற்கு ஒரு சின்னப் பட்டை இருக்கும், அதை அமுக்கிக்கொண்டே லேசாகத் தூக்கி இழுத்தால் வந்துவிடும். வரவில்லை என்று பலம்போட்டு ஆட்டாதீர்கள், அந்தக் கொக்கி உடைந்தால் டிராயரையே மாற்ற வேண்டிவரும். வெளியே எடுத்ததை ஒரு பக்கெட் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் மூழ்க விட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்தால் தூள் எல்லாம் போய்விடும்.

அதன் பிறகும் வெள்ளையாக ஏதாவது மிஞ்சினால் அது தூள் இல்லை, தண்ணீரின் உப்பு. போர் தண்ணீர் புழங்குகிற வீடுகளில் குழாய் முனையில் படிகிறதே, அதே படிவுதான். வெறும் தண்ணீருக்கு அது அசையாது, புளிப்புக்குத்தான் கரையும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். வினிகரோடு சமையல் சோடாவையும் சேர்த்து ஊற்றுவார்கள், பொங்குவதைப் பார்த்து நன்றாக வேலை செய்கிறது என்று நினைப்பார்கள். ஒன்று அமிலம், இன்னொன்று காரம். இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட்டு மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட வெறும் தண்ணீர். தூள் கட்டியின் மேலேயே நேராக வினிகர் ஊற்றினாலும் இதேதான் நடக்கும், ஏனென்றால் தூளில் இருக்கும் சோடாவும் காரம்தான். முதலில் தண்ணீரில் தூளை எடுத்துவிட்டு, அப்புறம் புளிப்புக்குப் போக வேண்டும், இந்த வரிசை மாறக் கூடாது. மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு ஒரு மேசைக்கரண்டி, அரை லிட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீர், அதில் படிவு இருக்கும் பகுதி அரை மணி முதல் ஒரு மணி நேரம் ஊறினால் போதும். சாதா வெள்ளை வினிகரும் ஆகும்.

பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை மட்டும் இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். டிராயரில் மிஞ்சுகிற சொட்டு நேராக டப்பின் உள்ளேதான் போகும், அங்கே இருக்கும் உலோக பாகங்களை அது அரிக்கும். அதைவிட முக்கியம், துணிக்குப் போடும் பிளீச்சிங் திரவம் டிராயரில் எங்காவது மிச்சம் இருந்தால், ஆசிட் பட்டதும் குளோரின் வாயு வரும். வினிகருக்கும் எலுமிச்சை உப்புக்கும்கூட இந்த எச்சரிக்கை பொருந்தும். பிளீச் ஊற்றிய டிராயரை நல்ல தண்ணீரில் அலசிய பிறகே புளிப்பு எதையும் விடுங்கள்.

டிராயரைக் கழுவியதும் வேலை முடிந்தது என்று திரும்ப மாட்டிவிடுவது அடுத்த தவறு. டிராயர் உட்காரும் பொந்தை டார்ச் அடித்துப் பாருங்கள், அதன் மேற்கூரையில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். தூளை அடித்துச் செல்லும் தண்ணீர் அந்தத் துளைகளிலிருந்துதான் கொட்டுகிறது. அதில் உப்பு அடைத்திருந்தால் டிராயர் எவ்வளவு பளபளத்தாலும் தூள் அங்கேயேதான் இருக்கும். எலுமிச்சை உப்புத் தண்ணீரில் நனைத்த துணியை மேல்பக்கமாக அழுத்திப் பிடித்து, கொஞ்ச நேரம் கழித்து பிரஷால் தேய்த்தால் போதும். ஊசி, கம்பி எதுவும் வேண்டாம். துளை பெரிதானால் தண்ணீர் அந்த ஒரே இடத்தில் கொட்டி மற்ற இடங்களில் குறைந்துவிடும். இந்த வேலை செய்யும்போது பிளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

இனி சித்தி வீட்டு விஷயம். புது டிராயரிலும் தூள் தேங்கியதால், டிராயரை எடுத்துவிட்டு, கீழே ஒரு பழைய துண்டை விரித்து, கை காய்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, மெஷினைச் சில நொடிகள் ஓட விட்டோம். தண்ணீர் கொட்டவே இல்லை, பின்பக்கத் துளைகளில் மட்டும் நூலாக வழிந்தது, முன்பக்கம் காய்ந்தே இருந்தது. தூளும் எப்போதும் முன்பக்கத்தில்தான் மிஞ்சும் என்று அப்போதுதான் சித்திக்கும் உறைத்தது. குழாயை மூடி, பிளக்கைக் கழற்றி, மெஷினின் பின்னால் மாட்டியிருக்கும் ஹோஸைக் கையால் திருகி எடுத்தோம். அது மாட்டுகிற வாயில் விரல் நுனி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் சல்லடை இருக்கும். குறடால் மெதுவாக இழுத்தால் வந்துவிடும். சித்தி வீட்டுச் சல்லடையில் பாதிக்கு மேல் மணலும் துருவும்.

இங்கே ஒரு பெரிய தவறு நடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அடிக்கடி அடைக்கிறதே என்று சல்லடையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள். ஒரு மாதம் தண்ணீர் அருமையாக வரும். பிறகு மணல் உள்ளே இருக்கும் வால்வில் போய் உட்காரும், வால்வு முழுதாக மூடாது, மெஷின் நின்றிருக்கும்போதே டிரம்முக்குள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கும். கழுவித் திரும்ப மாட்டுங்கள், ஹோஸ் முனையில் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்றும் பாருங்கள். திரையில் IE என்றோ 4C என்றோ வருகிற மெஷின்களில் அந்த எழுத்துகள் தண்ணீர் சரியாக உள்ளே வரவில்லை என்பதையே சொல்கின்றன, அப்போதும் முதலில் பார்க்க வேண்டிய இடங்களில் ஒன்று இந்தச் சல்லடை.

ஹோஸ் கையில் இருக்கும்போதே இன்னொன்றும் பார்த்துவிடலாம். அதன் முனையை ஒரு பக்கெட்டில் விட்டுக் குழாயைத் திறங்கள். பக்கெட்டில் வேகமாக வந்து டிராயரில் மட்டும் மெல்ல வந்தால், கோளாறு சல்லடையிலோ துளைகளிலோ வால்விலோ. பக்கெட்டிலேயே மெல்ல வந்தால், கோளாறு மெஷினுக்கு வெளியே.

சித்தி வீட்டில் இரண்டும் இருந்தது. சல்லடையைக் கழுவியதும் நிலைமை பாதி தேறியது, அதற்கு மேல் தேறவில்லை. காரணம் டேங்கின் உயரம். தண்ணீர் பத்து மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால்தான் ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். பல மெஷின்களின் கையேட்டில் குறைந்தது 0.5 பார் வேண்டும் என்றும், சிலவற்றில் 0.3 போதும் என்றும் போட்டிருக்கும். 0.5 பாருக்கு டேங்க் ஐந்து மீட்டர் மேலே இருக்க வேண்டும். சித்தி வீட்டுக் கூரை தரையிலிருந்து மூன்று மீட்டர், மேலே ஒரு மீட்டர் மேடையில் டேங்க், மெஷினில் ஹோஸ் மாட்டும் இடமோ தரையிலிருந்து முக்கால் மீட்டருக்கு மேல். கழித்துப் பார்த்தால் மிச்சம் சுமார் மூன்று மீட்டர், டேங்க் நிறைந்திருந்தால் நாலு. அதாவது 0.3 முதல் 0.4 பார், அதுவும் குழாய் வளைவுகளில் கொஞ்சம் போய்விடும். கீழ்த் தளத்தில் இருப்பவருக்கு அதே மெஷினும் அதே தூளும் எந்தத் தொல்லையும் தராது, அதே கட்டடத்தின் கடைசி மாடிக்காரர் மட்டும் மாதாமாதம் டிராயரைக் கழுவிக்கொண்டிருப்பார், இதில் தூளின் தவறும் இல்லை, அவர் தவறும் இல்லை.

இதற்கு நிரந்தர வழி பிரஷர் பம்ப். அது வேண்டாம் என்றால் லிக்விடுக்கு மாறலாம். தூள்தான் வேண்டும் என்றால் ஒரு மக் இளஞ்சூட்டுத் தண்ணீரில் நன்றாகக் கரைத்து ஊற்றலாம், ஆனால் மெஷினை ஆன் செய்யும் முன்பே ஊற்றாதீர்கள். பல ஃப்ரண்ட் லோடு மெஷின்கள் ஆரம்பித்த உடனே உள்ளே இருப்பதைச் சில நொடிகள் வெளியேற்றும், கரைசல் சாக்கடைக்குப் போய்விடும். தண்ணீர் உள்ளே வர ஆரம்பித்த பிறகு டிராயரைக் கொஞ்சமாக இழுத்து, II என்று போட்ட அறையில் மெதுவாக ஊற்றுங்கள்.

லிக்விடுக்கு மாறுபவர்கள் கவனிக்க வேண்டியது: சில டிராயர்களில் லிக்விட் தேங்கி நிற்பதற்கென்று ஒரு தடுப்புப் பலகை வரும். பிறகு தூளுக்குத் திரும்பும்போது அதை எடுக்க மறந்தால், தூள் அதன் பின்னால் அணை கட்டியது போல நின்றுவிடும். பூப் படம் போட்ட சாஃப்ட்னர் அறையிலும் தூள் போடக் கூடாது. அங்கே ஒரு சின்ன மூடியும் குழலும் இருக்கும், தூள் புகுந்தால் குழல் அடைத்து அறை முழுக்கத் தண்ணீர் தேங்கும். மூடியைப் பிடுங்கிக் குழலைக் கழுவினால் சரியாகிவிடும். சுத்தமாக இருக்கும்போதும் அந்த அறையில் அடியில் கொஞ்சம் தண்ணீர் மிஞ்சும், அது இயல்பு.

சித்தி கடைசியில் கரைத்து ஊற்றும் வழியையே எடுத்துக்கொண்டார், தூளின் அளவையும் பாதியாகக் குறைத்தார். துவைத்து முடிந்ததும் டிராயரை விரற்கடை அளவு திறந்தே விடுகிறார், ஈரமான அறையில் அடுத்த தூளைப் போட்டால் தண்ணீர் வருவதற்குள்ளேயே அடியில் ஒட்டிக்கொள்ளும் என்பதால். சல்லடையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழுவுகிறார், டேங்க் கழுவிய வாரத்தில் தவறாமல் இன்னொரு முறை, ஏனென்றால் அடியில் படிந்திருந்த மணல் எல்லாம் கிளம்பி வருவது அந்த வாரத்தில்தான்.