ஓம் விதிக் கணக்கு: தண்ணீர்க் குழாய் உதாரணத்தில் எங்கே சறுக்குகிறார்கள்?

வியாசர்பாடி, தண்டையார்பேட்டைப் பக்கம் மாடி வீடுகளில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும், மொட்டை மாடி டேங்குத் தண்ணீர் கீழ்வீட்டுக் குழாயில் வேகமாக விழும், மேல்மாடியில் மெதுவாகத்தான் வரும். டேங்கின் நீர்மட்டத்துக்கும் குழாய்க்கும் உள்ள உயர வித்தியாசம்தான் காரணம். அந்த வித்தியாசத்தை மின்னழுத்த வேறுபாடு (V) என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்பது மின்னோட்டம் (I). குழாய் ஒடுங்கித் தண்ணீரைத் தடுப்பது மின்தடை (R). வெப்பநிலை மாறாதவரை V = I × R.

"கம்பியில் 12 வோல்ட் பாய்கிறது" என்று விடைத்தாளில் எழுதாதீர்கள். குழாயை மூடி வைத்தாலும் அதன் பின்னால் அழுத்தம் இருக்கிறது, ஓட்டம்தான் இல்லை. எதையும் செருகாத பிளக் பாயிண்டில் 230 வோல்ட் இருப்பதும் இப்படித்தான். பாய்வது மின்னோட்டம் மட்டுமே.

மதிப்பெண் அதிகம் போவது தொடர் இணைப்பில். 12 வோல்ட் மின்கலத்தோடு 4 ஓம், 2 ஓம் மின்தடைகள் தொடராக இருக்கின்றன. பலர் 12 ÷ 4 = 3 ஆம்பியர், 12 ÷ 2 = 6 ஆம்பியர் என்று தனித்தனியாகப் போட்டுவிடுகிறார்கள். ஒரே குழாயில், நடுவில் கிளை எதுவும் இல்லாதபோது, ஒடுங்கிய பகுதியில் 3 லிட்டரும் அகன்ற பகுதியில் 6 லிட்டரும் எப்படி ஓடும்? அந்த 12 வோல்ட் மொத்தச் சுற்றுக்கும் உரியது. அதனால் மொத்த மின்தடை 4 + 2 = 6 ஓம், மின்னோட்டம் 12 ÷ 6 = 2 ஆம்பியர். இப்போது 4 ஓமில் 2 × 4 = 8 வோல்ட், 2 ஓமில் 2 × 2 = 4 வோல்ட். இரண்டையும் கூட்டினால் 12 வர வேண்டும். வராவிட்டால் கணக்கில் எங்கோ பிழை.

இன்னொரு தவறு, 4 ஓமைத் தாண்டியதும் மின்னோட்டம் குறைந்துவிடும் என்று நினைப்பது. குறைவது அழுத்தம்தான். இரண்டிலும் அதே 2 ஆம்பியர்.

சரி, உதாரணத்தை எங்கே நிறுத்துவது? குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். கம்பியை வெட்டினால் மின்னோட்டம் நின்றுவிடும், ஏனென்றால் இடையில் வரும் காற்றின் மின்தடை மிக மிக அதிகம். அப்புறம், நிஜக் குழாயில் உயரத்தை இரட்டிப்பாக்கினால் ஓட்டம் பெரும்பாலும் இரட்டிப்பாகாது. ஆகவே வாளி வைத்து அளந்து ஓம் விதியை நிரூபிக்கப் பார்க்க வேண்டாம்.

பயிற்சி:

1. 9 வோல்ட், 3 கிலோஓம். மின்னோட்டம் எவ்வளவு?
2. 18 வோல்ட், 6 ஓம், 3 ஓம் தொடராக. ஒவ்வொன்றிலும் எத்தனை வோல்ட்?
3. 5 வோல்ட் கொடுத்தால் 20 மில்லிஆம்பியர் பாய்கிறது. மின்தடை?

விடைகள்: முதலாவது 3 மில்லிஆம்பியர். 3 ஆம்பியர் என்று வந்திருந்தால் கிலோவை 1000 ஆக்க மறந்திருக்கிறீர்கள். இரண்டாவது 12 வோல்ட், 6 வோல்ட். மூன்றாவது 5 ÷ 0.02 = 250 ஓம்.