அட்வான்ஸ் பணம் 6,000 எங்கே போனது?

திருப்பூரில் சின்னத் தையல் யூனிட் ஒன்றில் கணக்கு பார்க்கிறேன். "அம்மாவ ஆஸ்பத்திரில சேர்த்திருக்குதுங்ணா" என்று யாராவது வந்து நின்றால், துணி வாங்க வைத்த பணத்தில்தான் கை வைப்போம். அதனால் ஏப்ரலில் 60,000 ரூபாயைத் தனி வங்கிக் கணக்கில் ஒதுக்கினோம்.

செப்டம்பரில் அயர்னிங் மாஸ்டர் 12,000 வாங்கினார். சனிக்கிழமைச் சம்பளத்தில் வாரம் 500 பிடித்தம். பன்னிரண்டு வாரம் பிடித்தபின் பாக்கி 6,000. ஆனால் தனிக் கணக்கில் அதே 48,000தான் இருந்தது. இரண்டும் சேர்ந்தால் 54,000. மீதி 6,000?

யாரும் எடுக்கவில்லை. பிடித்தம் என்பது பணமாக வருவதில்லையே, அவருக்கு 500 குறைவாகக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். அந்த 500 நடப்புக் கணக்கிலேயே தங்கி, நூலுக்கும் டீக்கும் போய்விட்டது. பட்ஜெட்டில் நான் பிடித்தம் போக மீதிச் சம்பளத்தை மட்டும் எழுதியதால் அது கண்ணில் படவே இல்லை.

இப்போது சம்பளத்தை முழுத்தொகையாகவே எழுதுகிறேன். பிடித்ததை அன்றைக்கே தனிக் கணக்குக்கு மாற்றுகிறேன். அது வருமானமும் இல்லை, கொடுத்த அட்வான்ஸ் செலவும் இல்லை. வங்கி இருப்பும் பாக்கியும் சேர்ந்து 60,000 வருகிறதா என்று சனிக்கிழமை பார்த்தால் போதும்.

தவணையை மாதக் கணக்கில் போடாமல் சனிக்கிழமைகளை எண்ணிப் போடுகிறேன். சில மாதம் ஐந்து வரும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும் வாரத்தில் சம்பளமே கிடையாது, அங்கே பூஜ்யம். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது சட்டம், அதனால் பி.எஃப். பிடித்தத்தையும் கூட்டிப் பார்த்த பிறகே தவணையை முடிவு செய்கிறேன்.