ஈரக்குலையைப் பிரெஞ்சுக்குக் கொண்டுபோகும்போது நேரும் தவறுகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து பிரான்சுக்குச் சென்றவர்களின் புகலிட விண்ணப்பக் கோப்புகளில், ஊரிலுள்ள தாய்மார் எழுதிய கடிதங்களும் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு சேர்க்கப்படுவதுண்டு. இக்கடிதங்கள் பேச்சுத் தமிழில் இருக்கும்; துயரம் அவற்றில் பெரும்பாலும் வயிற்றிலும் ஈரலிலும் நெஞ்சிலும்தான் வந்து நிற்கும். மொழிபெயர்ப்பவர் தடுமாறுவதும் அங்கேதான். இதை விளக்குவதற்காக, களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தாய் ஒருவர் எழுதக்கூடிய மூன்று வாக்கியங்களை நானே அமைத்துக்கொள்கிறேன்.

“அவங்க வாசலுக்கு வந்த அண்டைக்கு என்ட ஈரக்குலை நடுங்கிப் போச்சு. அவனக் கொண்டு போன நாளில இருந்து பெத்த வயிறு பத்தி எரியுது. உசிரோட இருக்கான் எண்டு கேட்ட பிறகுதான் வயித்தில பால் வார்த்தாப்போல இருந்திச்சி.”

முதலாவது தவறு, உறுப்புக்கு உறுப்பு வைப்பது. ஈரலுக்குப் பிரெஞ்சில் ‘ஃபுவா’ என்று பெயர். ‘என் ஃபுவா நடுங்கியது’ என்று எழுதினால் வாசிக்கும் அதிகாரிக்கு அச்சம் தெரியாது, நோய்தான் தெரியும். அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு வயிறு குழம்பினால்கூட அதை ஈரலின் மேல் போட்டுப் பேசுவது பிரெஞ்சுக்காரர் வழக்கம். நேர்காணலில் வாய்மொழியாகச் சொல்லும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ஈரலைக் குறிக்கும் சொல்லும் இறைநம்பிக்கையைக் குறிக்கும் சொல்லும் பிரெஞ்சில் ஒரே ஒலியுடையவை. முன்னது ஆண்பால், பின்னது பெண்பால் என்பதால் முன்வரும் ‘மோன்’, ‘மா’ என்ற, ‘என்’ எனப் பொருள்படும் சிறு சொற்களே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன. உயிரற்ற பொருள்களுக்கும் உறுப்புகளுக்கும் ஆண்பால், பெண்பால் பார்க்காத மொழியோடு வளர்ந்த நாம் அந்த இடத்தில் எளிதில் பிசகுவோம். பிசகினால், ‘என் ஈரல் நடுங்கியது’ என்று சொல்ல வந்தவர் ‘என் இறைநம்பிக்கை ஆட்டங்கண்டது’ என்று சொல்லிவிட்டுப் போவார்.

பிரெஞ்சிலும் ஈரலை வைத்து அச்சத்தைச் சொல்லும் மரபுத்தொடர் உண்டே என்று அகராதி பார்த்தவர் கேட்கலாம். உண்டுதான்: ‘அவுவார் லே ஃபுவா’, அதாவது ஈரல்களை உடையவராயிருத்தல். ஆனால் அது தெருப்பேச்சு. ‘பயந்தாங்கொள்ளி’ என்ற இளக்காரமும் அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். மகனைப் பறிகொடுத்த தாயின் வாயில் அதை வைப்பது, உறுப்பைக் காப்பாற்றுவதற்காக ஆளை இழப்பதாகும். அங்கு பொருந்துவது இரத்தத்தை வைத்துச் சொல்லும் ‘ஸா மா டூர்னே லே ஸான்’, அதாவது ‘அது என் இரத்தத்தையெல்லாம் புரட்டிப் போட்டது’ என்பது. சற்றுப் பழைய, நாட்டுப்புறத்துப் பெரியவர்களின் பேச்சு அது என்பதே அதன் பொருத்தம். ‘மிகவும் பயந்தேன்’ என்று தட்டையாக எழுதுவோரும் இருக்கிறார்கள், அதுவும் குறைபாடே. நெஞ்சு ‘பக்’கென்றதற்கு அது போதும், ஈரக்குலை நடுங்கியதற்குப் போதாது.

இரண்டாவது வாக்கியத்தில்தான் பெரும்பாலோர் விழுகிறார்கள். தமிழில் வயிறு ஒன்றே: பசிப்பதும் அதுவே, பெற்றதும் அதுவே. பிரெஞ்சில் அது மூன்றாகப் பிரிந்து நிற்கிறது. உணவு செரிக்கும் இரைப்பை ‘எஸ்டோமா’. வெளியே தெரியும் வயிறும், பிள்ளையைச் சுமக்கும் வயிறும் ‘வாந்த்ர்’. உள்ளுறுப்புகள் எல்லாவற்றையும் சேர்த்து, தாய்மையின் அடியாழத்தையும் குறிப்பது ‘ஆந்த்ராய்’. ‘பெத்த வயிறு எரியுது’ என்பதை ‘ப்ரூலூர் டெஸ்டோமா’ என்று பெயர்த்தால் அது புளித்த ஏப்பத்தோடு வரும் எரிச்சல். மருந்துக்கடையில் மாத்திரை கேட்கும் சொல். வாசிப்பவர் ‘இந்த அம்மா மருத்துவரிடம் போனாரா?’ என்று கேட்டால், மொழிபெயர்ப்புத் தவறிவிட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

சரியான சொல்லைத் தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. மட்டக்களப்புத் தேவாலயங்களில் மாலை தோறும் சொல்லப்படும் மங்கள வார்த்தைச் செபத்தில் ‘உம்முடைய திருவயிற்றின் கனியாகிய இயேசு’ என்று வருகிறது. அதே செபத்தின் பிரெஞ்சு வடிவத்தில், திருவயிறு வரும் இடத்தில் நிற்பது ‘ஆந்த்ராய்’ என்ற சொல்லே. ஆகவே பெற்ற வயிற்றுக்கு அச்சொல் புதிதாகத் தைத்த சட்டை அன்று; பிரெஞ்சுக்காரர் செவியில் ஏற்கெனவே தாயோடு இணைந்திருப்பது. இருந்தாலும் தனியே ‘என் ஆந்த்ராய் எரிகின்றது’ என்று நிறுத்தக் கூடாது. கடுஞ்சாராயம் உள்ளே இறங்குவதற்கும் அப்படிச் சொல்லலாம். தமிழில் ‘பெத்த’ என்ற ஒரு சொல் செய்யும் வேலையைப் பிரெஞ்சில் ஒரு சிறு வாக்கியம் செய்ய வேண்டும்: ‘அவனைச் சுமந்தவள் நான், அவர்கள் கொண்டுபோன நாளிலிருந்து என் ஆந்த்ராய் எரிகின்றது.’ ‘எரிகின்றது’ என்பதற்குப் பதிலாகக் ‘கிழிகின்றது’ என்று வைப்பது பிரெஞ்சில் இன்னும் பழகிய வழக்கு. தீ போய்விடும், வேகம் போகாது. நான் கிழிவதையே தேர்வேன்.

மூன்றாவது வாக்கியத்தில் பாலை வயிற்றில் ஊற்றினால் பிரெஞ்சில் சிரிப்புத்தான் வரும். அகராதிகள் ‘போம் ஓ கேர்’, அதாவது இதயத்துக்குத் தைலம், என்பதை நீட்டும். அது நண்பர் அனுப்பிய ஆறுதல் மடலுக்குப் பொருந்தும். இறந்தான் என்று எண்ணியிருந்த மகன் உயிரோடிருக்கும் செய்திக்கு மிக மெல்லியது. இங்கே உறுப்பையே விட்டுவிட்டு ‘எனக்கு மறுபடி உயிர் வந்தது’ என்ற பொருளில் ‘ஜ ம ஸுயி ஸாந்தி ரெவீவ்ர்’ என எழுதுவதே நேர்மை.

நெஞ்சைப் பொறுத்தவரை பொறி வினைச்சொல்லில் இருக்கிறது. ‘நெஞ்சு நோகுது’ என்பதை ‘ஜே மல் ஓ கேர்’ என்று எழுதினால், சொற்படி ‘எனக்கு இதயத்தில் நோவு’ என்றிருந்தாலும், அதன் வழக்குப் பொருள் ‘எனக்குக் குமட்டுகிறது’ என்பதே. அதையே ‘ஸா ம ஃபே மல் ஓ கேர்’, அதாவது ‘அது என் இதயத்தை நோகச் செய்கிறது’ என்று மாற்றினால் துயரம் மீண்டு வந்துவிடும். உண்மையாகவே மார்புவலி என்றால் இரண்டும் ஆகாது. ‘ப்வாத்ரின்’ என்ற மார்புச் சொல்லைக் கையாள வேண்டும். ஆனால் ‘நெஞ்சில் ஈரமில்லாதவன்’ எந்தச் சிரமமும் தராது. ‘கேர் செக்’, உலர்ந்த இதயம், என்று பிரெஞ்சுக்காரரும் அதே குறையை அதே விதமாகச் சொல்கிறார்கள்.

கடைசியாக, ‘வயிற்றெரிச்சல்’ என்பதைக் கண்டவுடன் எழுதத் தொடங்குவதும் தவறு. அயலவன் மாடிவீடு கட்டினதில் எழும் வயிற்றெரிச்சல் பொறாமை. அதற்குப் பிரெஞ்சில் ‘பொறாமையில் பச்சையாகிவிட்டான்’ என்பார்கள். ‘என்ட வயித்தெரிச்சல் அவங்களச் சும்மா விடாது’ என்பது சாபம். சாபத்தைத் தாங்கும் வயிறு பிரெஞ்சில் இல்லை. ஆனால் சிந்திய இரத்தம் சிந்தியவர் மேலேயே திரும்ப விழட்டும் என்ற விவிலிய வழக்கு அம்மொழியில் உயிரோடு இருப்பதால், ‘என் கண்ணீர் அவர்கள் மேலே திரும்ப விழும்’ என்று எழுதினால், வாசிப்பவர் அதைச் சாபமென்றே கொள்வார்.