‘அப்புறம் பார்க்கலாம்’ என்று பதில் வந்தால் என்ன செய்வது?

கடைகளுக்கும் கிடங்குகளுக்கும் ஸ்டாக் கணக்கு மென்பொருள் விற்பது என் வேலை. புதியவர் ஒருவருக்கு முதல் மெயில் எப்படி எழுதுவது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், அதை விட்டுவிடுகிறேன். பதில் வந்த பிறகு அவர் ஆர்வமாக இருக்கிறாரா, எரிச்சலில் இருக்கிறாரா, வெறுமனே வேலையில் மூழ்கியிருக்கிறாரா என்று பிரிப்பதில்தான் நான் தடுமாறினேன்.

படி 1: பதிலின் நீளத்தைப் பார்க்காதீர்கள்

ஒருவர் எனக்கு “பார்த்தேன். இப்போது முடியாது.” என்று மட்டும் எழுதினார். வணக்கம் இல்லை, நன்றி இல்லை. கோபப்பட்டுவிட்டார் என்று நினைத்து, தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டு விலகிவிட்டேன். இரண்டு மாதம் கழித்து அவர் வேறொருவரிடம் அதே மாதிரி மென்பொருளை வாங்கியது தெரிந்தது. போனில் நின்றுகொண்டே தட்டுகிறவர் எல்லாருக்கும் அப்படித்தான் எழுதுவார். ‘இப்போது’ என்ற சொல்லை நான் கவனித்திருக்க வேண்டும்.

படி 2: பதில் எதைப் பற்றிப் பேசுகிறது?

எனக்குப் பெரிதும் உதவியது இந்தக் கேள்விதான். ஆர்வம் இருப்பவர் தன் வேலையைப் பற்றிப் பேசுவார்: “எங்களுக்கு இரண்டு கிடங்கு, இரண்டையும் ஒன்றாகப் பார்க்க முடியுமா?” எரிச்சலில் இருப்பவர் உங்களைப் பற்றிப் பேசுவார்: “என் நம்பர் யார் கொடுத்தது?”, “போன வாரமே சொன்னேனே.” வேலையில் இருப்பவர் நேரத்தைப் பற்றிப் பேசுவார்: “மாதக் கடைசி, கணக்கு முடிக்கிறோம்.”

“விலை என்ன?” என்பது மட்டும் தனியாக வந்தால் ஆர்வம் என்று துள்ளாதீர்கள். பேச்சை அதோடு முடிக்கவும் அப்படிக் கேட்பார்கள். ஒரு வரியில் விலையைச் சொல்லிவிட்டு, எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று கேளுங்கள். எண்ணிக்கை வந்தால் ஆர்வம்தான்.

படி 3: ‘பார்க்கலாம்’ என்ற சொல்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நம் பேச்சில் ‘பார்க்கலாம்’ என்பது பல நேரம் முகம் கோணாமல் ‘வேண்டாம்’ சொல்வதுதான். உண்மையாகவே பிறகு பார்க்க நினைப்பவரும் அதே சொல்லைத்தான் சொல்வார். சொல்லை எத்தனை தடவை படித்தாலும் விடை கிடைக்காது, கேட்டால்தான் தெரியும்.

எனக்கு வந்த ஒரு பதில் இது: “பார்த்தேன். ஸ்டாக் எடுத்துக்கொண்டிருக்கிறோம். அப்புறம் பார்க்கலாம்.”

பேச்சு நேரத்தைப் பற்றியது. கேட்காமலே ஒரு காரணமும் சொல்லியிருக்கிறார், அது நல்ல அடையாளம். ஆனால் தேதி இல்லை. நான் இப்படி எழுதினேன்:

“சரி, வேலை முடியட்டும். 10ஆம் தேதிக்கு மேல் ஒருமுறை எழுதட்டுமா? தேவைப்படாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், மறுபடி எழுத மாட்டேன்.”

இதில் விற்பனைப் பேச்சு ஒரு சொல்கூட இல்லை. மறுக்கவும் எளிதாக வழி இருக்கிறது. “15க்கு மேல் எழுதுங்கள்” என்று அவர் பதில் போட்டார். தானாகத் தேதியை மாற்றிச் சொல்கிறவர் வேலையில் இருப்பவர்தான். அதற்குப் பதிலாக “நானே சொல்கிறேன்” என்று வந்திருந்தால் அதை ‘வேண்டாம்’ என்றே எடுத்துக்கொண்டிருப்பேன்.

படி 4: குறித்து வையுங்கள்

இதற்கு ஒரு சாதாரண எக்செல் தாள் போதும். அவர் எழுதிய வரியை அப்படியே ஒரு கட்டத்தில் ஒட்டுங்கள், பக்கத்தில் உங்கள் கணிப்பு, அதற்கடுத்து பின்னால் உண்மையில் நடந்தது. ‘ஆர்வம்’ என்று மட்டும் எழுதி வைத்தால், கணிப்பு எங்கே தவறியது என்று பிறகு பார்க்க முடியாது.

மெயிலைத் திறந்தாரா என்று காட்டும் கருவிகளை நான் விட்டுவிட்டேன். மெயிலில் வைத்த ஒரு சிறு படம் இறங்குவதைத்தான் அவை ‘திறந்தார்’ என்று எண்ணும். 2021இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த தனியுரிமை வசதி, பெறுபவர் திறக்காவிட்டாலும் மெயிலில் உள்ள படங்களை முன்கூட்டியே இறக்கிவிடும். நான்கு முறை திறந்தார் என்று கருவி சொல்வதை நம்பி ஒருவரைத் துரத்தினால், சும்மா இருந்தவருக்கும் எரிச்சல் வந்துவிடும்.

பின்சேர்க்கை: வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் மட்டும் வந்தால் என்ன பொருள் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். செய்தி கிடைத்தது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. படி 3இல் உள்ள தேதிக் கேள்வியையே அனுப்புங்கள்.

இன்னொருவர், எரிச்சல் என்று உறுதியாகத் தெரிந்த பிறகும் விளக்கம் சொல்லிச் சமாளிக்கலாமா என்று கேட்டார். வேண்டாம். நம்பர் எங்கே கிடைத்தது என்று கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லுங்கள், பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாக ஒரு வரி எழுதுங்கள், அன்றே நீக்கியும் விடுங்கள்.