‘நாட்’ சேரும்போது அர்த்தம் மாறும்: மே, மைட், குட், ஷுட்

ஒன்று நடக்கலாம் என்று ஆங்கிலத்தில் சொல்ல உதவும் மே, மைட், குட் மூன்றுக்கும் இத்தனை சதவீதம் நிச்சயம் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்பவர்கள் உண்டு. அது அவ்வளவு தேவையில்லை. பார்சல் எங்கே என்று கேட்ட வாடிக்கையாளருக்குப் பதில் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘இட் மைட் ரீச் யூ டுமாரோ’ என்றால் நாளை வரலாம், வராமலும் போகலாம். மைட் இருக்கும் இடத்தில் மே, குட் எதைப் போட்டாலும் ஏறக்குறைய அதே பொருள்தான். மைட்டில் தயக்கம் ஒரு இழை கூடுதல், அவ்வளவே.

ஷுட் வேறு ரகம். ‘இட் ஷுட் ரீச் யூ டுமாரோ’ என்றால் அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. வண்டி கிளம்பிவிட்டது, வழக்கமாக ஒரு நாள்தான் ஆகும், அதனால் வந்துவிடும் என்ற கணக்கு. ஆனாலும் அது வாக்குறுதி ஆகாது. வாக்குறுதிக்கு வில் இருக்கிறது. இன்னொன்று, ஷுட் பெரும்பாலும் எதிர்பார்த்துக் காத்திருக்கும் விஷயத்துக்குத்தான் பொருந்தும். ‘த பார்சல் ஷுட் பி லேட்’ என்றால், தாமதமாவதுதான் முறை என்று நீங்களே சொல்வது போல ஒலிக்கும். அங்கே ‘வில் ப்ராபப்ளி பி லேட்’ போதும்.

பெரிய சறுக்கல் ‘நாட்’ சேரும்போதுதான். ‘இட் மைட் நாட் பி இன் அவர் கோடவுன்’ என்றால் எங்கள் கிடங்கில் இல்லாமல் இருக்கலாம்; தேடிப் பார்த்தால் கிடைக்கவும் கூடும். ‘இட் குட் நாட் பி இன் அவர் கோடவுன்’ என்றால் அங்கே இருக்க வாய்ப்பே இல்லை. சந்தேகத்தைச் சொல்ல நினைத்து குட் நாட் போட்டால், கிடங்கில் தேடவே வேண்டாம் என்று அடித்துச் சொன்னதாகிவிடும். நாட் இல்லாதபோது இரட்டைப் பிள்ளைகள் போல இருந்த மைட்டும் குட்டும் இங்கே எதிரெதிர் பக்கம் போய்விடுகின்றன. ‘மே நாட்’ என்பதில் வேறொரு வம்பு: ‘யூ மே நாட் ஓபன் த பாக்ஸ்’ என்பதைத் திறக்கக் கூடாது என்ற தடையாகத்தான் படிப்பார்கள். திறக்காமல் இருக்கலாம் என்ற ஊகத்தைச் சொல்ல மைட் நாட் பாதுகாப்பானது.

சரி, நடந்து முடிந்ததைப் பற்றி எழுதும்போது? பார்சல் நனைந்ததா என்று இன்னும் தெரியவில்லை என்றால் ‘மே ஹேவ் காட் வெட்’, ‘மைட் ஹேவ் காட் வெட்’ இரண்டும் சரி. நல்ல வேளையாக மழைக்கு முன்பே உள்ளே எடுத்து வைத்துவிட்டோம், இல்லாவிட்டால் நனைந்திருக்கக்கூடும் என்று சொல்ல வேண்டுமா? அங்கே மைட் ஹேவ் அல்லது குட் ஹேவ்தான். ஆங்கில நாளிதழ்களிலேயே இந்த இடத்தில் மே ஹேவ் வருவதைப் பார்க்கலாம். ஆனால் அதைப் படிக்கும் வாடிக்கையாளர், பார்சல் நனைந்ததா இல்லையா என்று மறுபடியும் கேட்டு எழுதுவார்.