அம்புக்குறி சரி, காரணம் தப்பு: தூண்டு மின்னோட்ட விடைகளைத் திருத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆகஸ்ட், செப்டம்பரில் பிரிலிம் தாள்கள் கட்டுக்கட்டாக வரும். புதிதாகத் துணைப்பாடம் எடுக்க வந்தவர்கள் மின்காந்தத் தூண்டல் கேள்விக்கு வந்ததும் ஒரே மாதிரிதான் திருத்துகிறார்கள். முதலில் படத்தில் உள்ள அம்புக்குறியைப் பார்ப்பார்கள். விடைக்குறிப்போடு ஒத்துப்போனால் டிக், இல்லையென்றால் இன்ட்டு. அம்புக்குப் பக்கத்தில் மாணவர் எழுதிய மூன்று வரியை யாரும் நின்று படிப்பதில்லை. அனுபவமுள்ள ஆசிரியர்கள் பலரும் ஆரம்பத்தில் இப்படித்தான் திருத்தினார்கள். அதனால் பாதிக்கப்பட்டவர்கள் மாணவர்கள்தான்.

அலகு விடுபட்டது, வட துருவத்தைத் தென் துருவம் என்று மாற்றி எழுதியது போன்றவை யார் கண்ணுக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுவோம்.

அம்பு சரியாக இருப்பதால் முழு மதிப்பெண் கொடுப்பது

இதுதான் பெரிய தவறு. ஓ நிலை மாணவர்களுக்கு அடிக்கடி கொடுக்கப்படும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். வட்டமான ஒரு கம்பிச்சுருள் கிடையாக வைக்கப்பட்டிருக்கிறது. சட்டக் காந்தம் ஒன்று, வட துருவம் கீழே இருக்கும்படி, சுருளின் நடுவே விழுகிறது. (அ) காந்தம் மேலிருந்து நெருங்கும்போதும் (ஆ) கீழே இறங்கி விலகும்போதும், மேலிருந்து பார்த்தால் மின்னோட்டம் எந்தத் திசையில் ஓடும்?

சரியான வழியில் நான்கு படிகள் உண்டு. சுருளின் ஊடே காந்தப்பாயம் எந்தப் பக்கம் போகிறது, அது கூடுகிறதா குறைகிறதா, அந்த மாற்றத்தை எதிர்க்கத் தூண்டப்பட்ட புலம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், அப்படியானால் வலது கைப்பிடி விதிப்படி மின்னோட்டம் எந்தப் பக்கம். நெருங்கும்போது பாயம் கீழ்நோக்கி இருக்கிறது, கூடுகிறது. ஆகவே தூண்டப்பட்ட புலம் மேல்நோக்கி இருக்கும். கட்டைவிரலை மேலே நீட்டினால் மற்ற விரல்கள் காட்டுவது இடஞ்சுழி, அதாவது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசை. விலகும்போதும் பாயம் கீழ்நோக்கித்தான், ஆனால் குறைகிறது. ஆகவே தூண்டப்பட்ட புலம் கீழ்நோக்கி இருக்கும், மின்னோட்டம் வலஞ்சுழி.

இப்போது ஒரு மாணவர் இப்படி எழுதியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். "(அ) வட துருவம் வருகிறது, புலம் கீழ்நோக்கி. தூண்டு மின்னோட்டம் காந்தப்புலத்தை எதிர்க்கும். ஆகவே மேல்நோக்கி, இடஞ்சுழி. (ஆ) இப்போது சுருளுக்கு அருகே தென் துருவம், ஆகவே புலம் மேல்நோக்கி. தூண்டு மின்னோட்டம் அதை எதிர்க்கும். ஆகவே கீழ்நோக்கி, வலஞ்சுழி."

இரண்டு அம்பும் சரி. அம்பை மட்டும் பார்ப்பவர் முழு மதிப்பெண் போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவார். ஆனால் இந்த விடைக்குள் இரண்டு தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கின்றன.

முதல் தவறு, எதிர்க்கப்படுவது எது என்பதில். லென்ஸ் 1834இல் சொன்ன விதியின்படி எதிர்க்கப்படுவது மாற்றம். புலமே எதிர்க்கப்படுவதில்லை. பாயம் கூடும்போது மட்டும் இரண்டும் ஒரே விடையைத் தரும். குறையும்போது நேர் எதிரான விடை வரும். இரண்டாவது தவறு, பாயத்தைப் படித்த விதத்தில். வட துருவம் போய்த் தென் துருவம் வந்துவிட்டதால் புலமும் தலைகீழாகிவிட்டது என்று மாணவர் நினைத்துவிட்டார். ஆனால் வட துருவம் நெருங்கியது மேல்பக்கத்தில், தென் துருவம் விலகுவது கீழ்ப்பக்கத்தில். காந்தத்துக்கு வெளியே கோடுகள் தென் துருவத்துக்குள் நுழைகின்றன. துருவம் சுருளுக்குக் கீழே இருப்பதால் சுருளின் ஊடே அவை கீழ்நோக்கியே போகின்றன. துருவமும் மாறியது, பக்கமும் மாறியது, அதனால் பாயத்தின் திசை மாறவில்லை.

திசை என்பது இரண்டில் ஒன்று. ஒருமுறை தவறாகத் திருப்பினால் விடை தப்பு, இரண்டு முறை தவறாகத் திருப்பினால் விடை சரி. அந்தச் சரியான விடைக்கு டிக் போடும்போது, "புலத்தை எதிர்க்கும்" என்ற வாசகத்துக்கும் சேர்த்தே நாம் கையெழுத்துப் போடுகிறோம். அடுத்த தேர்வில், சீரான புலத்திலிருந்து ஒரு கம்பிச் சட்டத்தை வெளியே இழுக்கும் கேள்வி வரும். அங்கே புலத்தின் திசை நிலையானது. இரண்டாவது தவறுக்கு இடமில்லை, முதல் தவறு தனியாக நின்று விடையைக் கவிழ்க்கும். "சார், போன தடவை இப்படி எழுதினதுக்கு ஃபுல் மார்க் கொடுத்தீங்களே" என்று மாணவர் கேட்டால், அவர் கேட்பது முழுக்க நியாயம்.

கண்டுபிடிப்பது கடினமில்லை. 'எதிர்க்கும்' என்ற சொல்லைத் தேடி, எதை என்று பாருங்கள். 'மாற்றத்தை', 'பாயம் கூடுவதை', 'காந்தத்தின் அசைவை' என்று இருந்தால் மதிப்பெண் கொடுக்கலாம். 'புலத்தை', 'பாயத்தை', 'காந்தத்தை' என்று இருந்தால் அந்தப் படிக்கு மதிப்பெண் இல்லை, அம்பு எவ்வளவு சரியாக இருந்தாலும் சரி. 'லென்ஸ் விதிப்படி அதை எதிர்க்கும்' என்று மொட்டையாக இருந்தால், அந்த 'அதை'யைச் சுற்றி வட்டம் போட்டு "எதை?" என்று எழுதுங்கள்.

அம்பு மட்டும் வரைந்து காரணமே எழுதாத மாணவரிடம் வாய்மொழியாக ஒரு கேள்வி போதும். அதே சுருள், அதே காந்தம், வட துருவம் கீழே. காந்தத்தை விழவிடாமல் மேலேயே பிடித்து, மேல்நோக்கி விலக்கினால் மின்னோட்டம் எந்தப் பக்கம்? பாயம் கீழ்நோக்கி, குறைகிறது, ஆகவே வலஞ்சுழி. புலத்தை எதிர்க்கும் பழக்கமுள்ளவர் இடஞ்சுழி என்பார். இங்கே தென் துருவம் சுருளுக்கு அருகே வரவே இல்லை, அதனால் அவர் தப்பிக்க வழியில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. சிலர் பாயம் என்ற சொல்லையே எழுதாமல், "சுருளின் மேல்முகம் வட துருவமாகிக் காந்தத்தைத் தள்ளும், விலகும்போது கீழ்முகம் வட துருவமாகித் தென் துருவத்தை இழுக்கும்" என்று எழுதுவார்கள். அது முழுமையான, சரியான காரணம். விடைக்குறிப்பில் 'பாயம்' என்று இருக்கிறதே என்று மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள்.

புலத்துக்குள் முழுவதும் இருக்கும் சட்டம்

பாயத்தின் மாற்றம் தவறாகப் படிக்கப்படும் இன்னொரு இடம் இது. பக்கம் 5.0 செ.மீ. உள்ள சதுரக் கம்பிச் சட்டம், வினாடிக்கு 2.0 செ.மீ. வேகத்தில் வலப்பக்கம் நகர்கிறது. 12 செ.மீ. அகலமுள்ள புலத்தை அது கடக்கிறது. புலம் 0.20 டெஸ்லா, தாளுக்கு உள்நோக்கி. சட்டத்தின் மின்தடை 0.50 ஓம். மின்னோட்டம் நேரத்தோடு எப்படி மாறும் என்று வரைபடம் கேட்கப்படுகிறது.

சட்டம் நுழைய 2.5 வினாடி ஆகும். அப்போது மின்னியக்கு விசை 0.20 × 0.050 × 0.020, அதாவது 0.20 மில்லிவோல்ட். மின்னோட்டம் 0.40 மில்லிஆம்பியர், இடஞ்சுழி. முன்விளிம்பு புலத்தின் மறு ஓரத்தைத் தொடுவது 6.0ஆவது வினாடியில். 2.5 முதல் 6.0 வரை சட்டம் முழுவதும் உள்ளே இருக்கிறது, பாயம் மாறவில்லை, மின்னோட்டம் பூஜ்யம். 6.0 முதல் 8.5 வரை சட்டம் வெளியேறுகிறது. மீண்டும் 0.40 மில்லிஆம்பியர், இப்போது வலஞ்சுழி.

நடுப்பகுதியிலும் மின்னோட்டம் வரைந்தவர் பெரும்பாலும் "கம்பி கோடுகளை வெட்டுகிறது" என்று எழுதியிருப்பார். அதை முழுவதுமாக அடித்துவிடாதீர்கள். கம்பி வெட்டுவது உண்மைதான். ஆனால் முன்பக்கக் கம்பியும் பின்பக்கக் கம்பியும் சம அளவில் வெட்டுகின்றன. இரண்டிலும் மின்னியக்கு விசை ஒரே திசையில், மேல்நோக்கி எழுகிறது. சட்டத்தைச் சுற்றி வரும்போது அவை ஒன்றோடொன்று மோதி ரத்தாகிவிடுகின்றன. மாணவர் சொன்னது பொய்யில்லை, பாதியில் நின்றுவிட்டது. தாளின் ஓரத்தில் "பின்பக்கக் கம்பி?" என்று இரண்டு சொல் எழுதினால் மீதியை அவரே முடித்துவிடுவார்.

வரைபடத்தின் இரண்டு துடிப்புகளும் அச்சின் ஒரே பக்கத்தில் இருந்தால் அது வேறு நோய். நுழையும்போதும் வெளியேறும்போதும் இடஞ்சுழி என்று சொல்கிறார், அதாவது புலத்தையே எதிர்க்கிறார். மேலே சொன்ன மாணவர் மாட்டிக்கொள்வது இங்கேதான். முதல் துடிப்பு மேலேயா கீழேயா என்பது முக்கியமில்லை, கேள்வியே எது நேர்திசை என்று சொல்லாத வரை. இரண்டும் எதிரெதிராக இருந்தால் போதும்.

பாயம் உச்சத்தில் இருந்தால் மின்னோட்டமும் உச்சத்தில் என்பது

இல்லை. சீராகச் சுழலும் சுருளில் பாயம் உச்சத்தில் இருக்கும் நொடியில் மின்னியக்கு விசை பூஜ்யம்.

ஒரே பிழைக்கு இரண்டு முறை வெட்டுவது

நெருங்கும் காந்தத்தின் பாயத்தை மாணவர் மேல்நோக்கி என்று தவறாகப் படித்துவிட்டார். அதன்பின் கூடுகிறது, ஆகவே தூண்டப்பட்ட புலம் கீழ்நோக்கி, ஆகவே வலஞ்சுழி என்று ஒழுங்காகப் போயிருக்கிறார். அம்பு தப்பு. ஆனால் நான்கு படிகளில் மூன்று சரி. வகுப்புத் தாளில் முதல் படிக்கு மட்டும் வெட்டி, மீதியைப் பிழை தொடர்ந்ததாக எண்ணிக் கொடுத்துவிடுங்கள். முதல் பகுதியில் இரண்டு அம்பும் சரியாகப் போட்ட மாணவரைவிட இவருக்கு லென்ஸ் விதி நன்றாகத் தெரியும். இருவருடைய மதிப்பெண்ணும் அதைக் காட்ட வேண்டும். தேசியத் தேர்வில் எப்படித் திருத்துவார்கள் என்பது தேர்வாணையத்தின் முடிவு. வகுப்பில் திருத்துவது, எந்தப் படியில் வழுக்கியது என்று தெரிந்துகொள்ள.

இடது கை

அது மோட்டாருக்கு.

எங்கிருந்து பார்த்து வரைந்தார் என்று கேட்காமல் இருப்பது

சாய்வாக வரைந்த சுருளில் முன்பக்கக் கம்பியும் பின்பக்கக் கம்பியும் தெரியும். மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழி என்பது முன்பக்கக் கம்பியில் இடமிருந்து வலம், பின்பக்கக் கம்பியில் வலமிருந்து இடம். எழுத்தில் 'இடஞ்சுழி' என்று சரியாக எழுதிய மாணவர் அம்பைப் பின்பக்கக் கம்பியில் போட்டிருப்பார். கோடு மெலிதாக இருப்பதால் அது முன்பக்கக் கம்பியில் இருப்பதுபோலத் தோன்றும், தப்பென்று அடித்துவிடுவோம். அம்பும் எழுத்தும் முரண்பட்டால், அம்பின் முனை எந்தக் கம்பியைத் தொடுகிறது என்று தாளை அருகே பிடித்துப் பார்த்துவிட்டே பேனாவை வையுங்கள். கேள்வித்தாளை நீங்களே தயாரிப்பதாக இருந்தால் பின்பக்கக் கம்பியைப் புள்ளிக்கோடாக வரைந்து, முன்பக்கத்தில் ஓர் இடத்தைக் குறித்து, "இந்த இடத்தில் அம்பு போடுக" என்று கேளுங்கள்.